எனக்கெங்கால மகன்?

வன்னியில் கொமினிகேஷன் கடைகளிலும் தட்டச்சு நிலையங்களிலும் பிறருக்காகக் கடிதம் எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

கிளிநொச்சிப் பக்கத்துக் கடையொன்றில் நானும் உங்களைப் போலக் கடிதம் எழுதிக் கொடுத்து வருகிறேன். பிரதேச செயலாளருக்கு, மின்சார சபைக்கு, வங்கி முகாமையாளருக்கு, காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகத்துக்கு என்று ஒரு நாளில் நாலைந்து கடிதம் வரும். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுத வேண்டியவற்றுக்கு இப்போது நாம் எல்லோரும் சாட்ஜிபிடி போன்ற செயலிகளைத்தான் நம்பியிருக்கிறோம். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. முன்பு இரண்டு நாள் காத்திருந்து மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்த கடிதம் இன்று பத்து நிமிடத்தில் கையில் கிடைக்கிறது. ஆனால் அந்தச் செயலிகள் சத்தமில்லாமல் செய்யும் ஒரு வேலையைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். அது எனக்குத் தெரியாமல் இருந்ததால் இரண்டு பேருடைய கடிதங்கள் என் கையாலேயே கெட்டுப்போயின.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் பழைய கடிதங்களின் பிரதிகள். மகனை 2009 மேயிலிருந்து காணவில்லை. நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, பிறகு காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் அவர் கொடுத்தவற்றின் பிரதிகள் அந்தப் பைக்குள் இருந்தன. இன்னுமொரு கடிதம் ஆங்கிலத்தில் வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் தட்டினேன்: "என் மகனை 2009 மே மாதத்திலிருந்து காணவில்லை. நான் தனியாக இருக்கிறேன். இதை ஆங்கிலத்தில் கடிதமாக எழுது." கடிதம் நன்றாகவே வந்தது. வாசித்து, தமிழில் சொல்லிக் காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்பினேன். திரையில் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு வரி தோன்றியது. அதை நான் பொருட்படுத்தவில்லை.

அதற்கு அடுத்த கிழமை ஒரு தம்பி வந்தான். இருபத்தாறு வயதிருக்கும். லான்ட்மாஸ்டர் வாங்க எடுத்த கடனுக்கு இரண்டு தவணை தவறிவிட்டது, கால அவகாசம் கேட்டு வங்கிக்கு ஆங்கிலத்தில் கடிதம் வேண்டும் என்றான். புது உரையாடல் திறந்தேன், விஷயத்தைத் தட்டினேன், கடிதம் வந்தது. கடையில் சனம் கூடியிருந்ததால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அச்செடுத்துக் கொடுத்தேன். மறுநாள் அதே தாளைக் கையில் பிடித்தபடி வந்து நின்றான். மூன்றாம் பந்தியில், மகனைப் பிரிந்து தனியாக வாழும் நிலையில் தவணை கட்ட முடியாமற் போனதாக எழுதியிருந்தது. வங்கியில் ஒருவர் அதை வாசித்துவிட்டு அவனிடம் விசாரித்திருக்கிறார்.

"அக்கா, எனக்கு இன்னும் கலியாணமே முடியேல்லை. எனக்கெங்கால மகன்?"

அந்த நேரம் நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அன்றிரவு கடையைப் பூட்டாமல் உட்கார்ந்து அந்த இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அம்மாவின் உரையாடலை நான் அன்றே அழித்திருந்தேன். தம்பிக்கு எழுதியது புது உரையாடல். பிறகெப்படி ஒன்றிலிருந்து மற்றதற்குப் போனது?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமென்றால் இந்தச் செயலிகளின் உள்வேலை கொஞ்சம் தெரிய வேண்டும். கடிதத்தை எழுதும் அந்த மொழி மாதிரிக்குச் சொந்தமாக ஞாபகம் கிடையாது. நீங்கள் ஒரே உரையாடலில் பத்தாவது செய்தியை அனுப்பும்போது, முன்னைய ஒன்பதையும் அவற்றுக்கு வந்த பதில்களையும் செயலி மறுபடி ஒன்றாகக் கட்டி அனுப்புகிறது. மாதிரி அவ்வளவையும் முதற்தடவை பார்ப்பதுபோல வாசித்துத்தான் பத்தாவது பதிலை எழுதுகிறது. புது உரையாடல் என்றால் வெறுந்தாள்.

ஆனால் முழுக்க வெறுந்தாள் என்று சொல்ல முடியாது. நீங்கள் தட்டும் முதற் சொல்லுக்கு முன்பாகவே செயலி ஒரு பகுதியை வைத்துவிடுகிறது. நீ யார், எப்படிப் பேச வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று மாதிரிக்குச் சொல்லும் அறிவுறுத்தல் அது. அதை முன்குறிப்பு என்று சொல்வோம். அது உங்கள் திரையில் வராது. கச்சேரியில் புதிதாக மாற்றலாகி வந்த அலுவலர் கோப்பைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பார்க்கும் முன்பே முதற்பக்கத்தில் முன்னவர் பென்சிலால் எழுதிவைத்த குறிப்பு அவர் கண்ணில் படுகிறது. அதை வாசித்துவிட்டுத்தான் அவர் உங்களை நிமிர்ந்து பார்க்கிறார். அங்கே ஒரு குறிப்பு இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

அந்த முன்குறிப்பின் ஓரிடத்தில்தான் பழைய உரையாடல்களிலிருந்து சேமித்த நினைவுகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதைப்பற்றி வெளியில் அதிகம் தெரிந்தது சாட்ஜிபிடியில்தான், ஆகவே அதை வைத்தே சொல்கிறேன். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 பெப்ரவரியில் சிலரிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் பணம் கட்டுவோருக்கும் செப்டெம்பரில் இலவசமாகப் பாவிப்போருக்கும் கொடுத்தது. மாதிரிக்கு `bio` என்று ஒரு கருவி கொடுக்கப்பட்டிருக்கிறது. உரையாடலுக்கு நடுவில் இது பின்னாலும் உதவும் என்று மாதிரிக்குப் பட்டால், ஒரு வரியை எழுதி அந்தக் கருவிக்கு அனுப்பும். செயலி அதைத் திகதியோடு சேமிக்கும். அப்போது திரையில் `Memory updated` என்று ஒரு சின்ன வரி தோன்றும். நான் பொருட்படுத்தாமல் விட்ட சாம்பல் வரி அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

சேமிக்கும்போதாவது அப்படி ஓர் அறிவிப்பு வருகிறது. சேமித்த வரிகளை அடுத்த உரையாடலின் தலையில் எடுத்து ஒட்டும்போது எந்த அறிவிப்பும் வந்து நான் கண்டதில்லை. அந்த மறைவான பகுதியை வெளியே எடுத்துக் காட்டிய ஆராய்ச்சியாளர்கள் அதன் தலைப்பு `Model Set Context` என்று இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். என் கடையில் நடந்ததை அந்த வடிவத்தில் வைத்துக் காட்டினால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
# Model Set Context
1. [2025-03-04]. User's son has been missing since May 2009.
2. [2025-03-04]. User lives alone.
3. [2025-03-11]. User has a loan for a two-wheel tractor.
```

இந்த வரிகள் எல்லாம் எந்தச் சொல்லில் தொடங்குகின்றன என்று பாருங்கள். `User`. பாவிப்பவர். ஒரு கணக்கு என்றால் ஓர் ஆள் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட ஏற்பாடு இது. கொழும்பில் ஒருவர் தன் சொந்தக் கைத்தொலைபேசியில் பாவித்தால் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். எங்கள் கடைகளில் ஒரு கணக்கு, ஒரு மேசை, ஒரு நாளைக்கு ஐந்து பேர். அந்த அம்மா, லான்ட்மாஸ்டர் தம்பி, அனுமதிப்பத்திரக் காணிக்காக அலையும் ஐயா, வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை என்று இத்தனை பேரும் முன்குறிப்பில் ஒரே `User` ஆகி விடுகிறார்கள். மகனைத் தொலைத்துவிட்டுத் தனியாக வாழும், லான்ட்மாஸ்டர் கடன் உள்ள, வெளிநாடு போக நினைக்கும் ஒருவர் என்றுதான் மாதிரிக்குத் தெரியும். அப்படி ஒருவர் வன்னியில் எங்குமே இல்லை.

இதில் நம்முடைய பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. நாம் தட்டுவதே வந்தவருடைய வாயால்தான். "என் மகன்", "என் காணி", "எனக்கு இரண்டு ஏக்கர் வயல்" என்று. அது தொழிலில் வந்த பழக்கம். கடிதம் அவருடைய குரலில் இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறோம். மாதிரிக்கு அந்த "என்" யாருடையது என்று பிரித்தறிய வழியில்லை. தட்டுபவருடையது என்றே எடுத்துக்கொள்கிறது.

ஒட்டிய வரி எல்லாக் கடிதத்திலும் வெளியே தெரிவதில்லை என்பதால்தான் இதைக் கண்டுபிடிக்க நாளெடுக்கிறது. பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி கேட்கும் கடிதத்தில் எதுவும் நடக்காது, ஏனென்றால் அதில் காரணம் சொல்லத் தேவையில்லை. கடன் அவகாசம், அபராத விலக்கு, உதவிப் பணம், இடமாற்றம் போன்றவற்றில் ஏன் என்று சொல்ல வேண்டி வரும். தம்பி எனக்குச் சொன்னது தவணை தவறிவிட்டது என்பது மட்டும்தான், ஏன் தவறியது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரணத்துக்கான இடம் காலியாக இருந்தது. தலைப்பக்கத்தில் பொருத்தமான ஒரு துயரம் தயாராக இருந்தது. மாதிரி அதை எடுத்து அந்த இடத்தில் வைத்தது. ஆகவே எங்கே தேட வேண்டும் என்று கேட்டால், கடிதத்தில் காரணம் சொல்லும் பந்தியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அடுத்ததாக ஊர்ப்பெயர், வயது, ஏக்கர், பிள்ளைகளின் எண்ணிக்கை. வந்தவர் சொல்லாத ஒரு விபரம் அங்கே சரளமாக நிற்கிறது என்றால், அது வேறொருவரின் வரியாக இருக்கலாம், அல்லது மாதிரியே இட்டுக்கட்டியதாக இருக்கலாம். எதுவானாலும் அது அந்தக் கடிதத்தில் இருக்கக்கூடாது.

இது எங்கள் கைப்பிழை மட்டுமில்லை என்பதற்கு வெளியிலிருந்து ஓர் உதாரணம். சைமன் வில்லிசன் என்ற மென்பொருளாளர், இந்தத் துறையில் நன்கு அறியப்பட்டவர், 2025 மேயில் தன் நாயின் படத்தைக் கொடுத்து அதற்கு ஒரு கூழைக்கடா வேஷம் போட்டுத் தரச் சொன்னார். வந்த படத்தின் பின்னணியில் அவர் கேட்காத ஒரு பெயர்ப்பலகை, அதில் ஹாஃப் மூன் பே என்ற ஊர்ப்பெயர். அது அவர் வசிக்கும் ஊர். பழைய உரையாடல்களிலிருந்து அந்த ஊர் முன்குறிப்புக்கு வந்து, அங்கிருந்து படத்துக்குப் போயிருந்தது. அவருக்குக் கெட்டது ஒரு விளையாட்டுப் படம். எங்களிடம் வருபவர்களுக்குக் கெடுவது கையெழுத்திட்ட கடிதம். அதுவும் பெரும்பாலும் கையெழுத்திட்டவருக்கே வாசிக்கத் தெரியாத மொழியில்.

தம்பியின் கடிதத்தைத் திருத்திக் கொடுக்க முடிந்தது. எனக்கு நித்திரை வராமற் செய்தது அந்த அம்மாவின் இரண்டாவது கடிதம். இடையில் ஒரு தடவை அவர் திரும்பி வந்து, முதற் கடிதத்துக்குப் பதில் இல்லை என்று நினைவூட்டல் ஒன்று எழுதுவித்திருந்தார். பிரதியை எடுத்து வாசித்தேன். அதில் நெல் வயலும் கடனும் வந்திருந்தன. அந்த அம்மாவுக்கு வயலும் இல்லை, வங்கியில் கடனும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் உட்கார்ந்த நாளிலிருந்து, அதற்கும் முன்பிருந்து, ஒரே விபரத்தை ஒவ்வொரு மேசையிலும் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள். அவர்களிடம் இருப்பது அந்த விபரம் மாறாமல் இருக்கிறது என்ற ஒன்றுதான். போன கடிதத்தில் தனியாக இருக்கிறேன் என்றவர் இந்தக் கடிதத்தில் இரண்டு ஏக்கர் நெல் செய்கிறேன் என்கிறாரே என்று எங்கோ ஒரு மேசையில் யாராவது ஓரத்தில் குறித்துவிட்டால், அதை யார் போய் அழிப்பது?

அந்த அம்மாவைத் தேடிப் போய் நடந்ததைச் சொன்னேன். திருத்தக் கடிதம் ஒன்றைச் செயலி இல்லாமல் நானே எழுதி, அவர் முன்னாலேயே வாசித்துக் காட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இனி நான் செய்து வருவதைச் சொல்கிறேன். சாட்ஜிபிடியில் அமைப்புகளுக்குள் `Personalization` என்ற பகுதியில் நினைவுக்கான இடம் இருக்கிறது. அங்கே சேமித்த வரிகளின் பட்டியலைப் பார்க்கலாம், ஒவ்வொன்றாக அழிக்கலாம். இங்கே நான் முதலில் ஏமாந்த ஓர் இடம் உண்டு. உரையாடலை அழித்தால் அதிலிருந்து எடுத்த நினைவு அழியாது. அம்மாவின் உரையாடலை அன்றே அழித்தும் அவருடைய வரி தம்பியின் கடிதத்துக்குப் போனது இதனால்தான். இரண்டும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. ஒருவருடைய கதை போக வேண்டுமென்றால் இரண்டையும் அழிக்க வேண்டும். அழித்த நினைவுகளின் பதிவைப் பாதுகாப்புக்காகவும் பிழை தேடுவதற்காகவும் 30 நாள் வரை வைத்திருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அதையும் வருபவருக்குச் சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்று, நினைவுப் பொத்தானை நிறுத்தினால் புதிதாக ஒட்டுவது நிற்கும். ஏற்கெனவே சேமித்த வரிகள் பட்டியலில் அப்படியே கிடக்கும். பிறகு யாராவது தெரியாமல் பொத்தானைப் போட்டால் எல்லாம் திரும்பி வரும்.

பட்டியலைச் சுத்தமாக்கினால் முடிந்தது என்றும் இருக்க முடியாது. 2025 ஏப்ரல் 10 இல் சாட்ஜிபிடியில் இரண்டாவது அடுக்கு ஒன்று வந்தது. சேமித்த வரிகள் தவிர, பழைய உரையாடல்களிலிருந்து செயலி தானாகவே திரட்டும் சுருக்கமும் முன்குறிப்புக்குள் போகத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் அதன் இலகுவான வடிவம் இலவசமாகப் பாவிப்பவர்களுக்கும் வந்தது. வில்லிசனின் படத்தில் ஊர்ப்பெயர் வந்தது இந்த இரண்டாவது வழியால். சேமித்த வரிகளைப்போல ஒவ்வொன்றாகப் பார்த்து அழிக்கும் பட்டியலில் இது வருவதில்லை. இதற்குத் தனிப் பொத்தான், `Reference chat history` என்று. கடைக் கணினியில் இரண்டு பொத்தான்களையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். செயலி புதுப்பிக்கப்பட்டால் பெயர்களும் இடங்களும் மாறக்கூடும் என்பதால் மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன்.

அதோடு ஒவ்வொருவருக்கும் `Temporary chat` என்ற தற்காலிக உரையாடலைத் திறக்கிறேன். அது பழைய நினைவுகளை எடுப்பதுமில்லை, புதிதாகச் சேமிப்பதுமில்லை. வரலாற்றுப் பட்டியலிலும் நிற்காது. அதன் பிரதியையும் 30 நாள் வரை நிறுவனம் வைத்திருக்கலாம், ஆகவே அதையும் முழு இரகசியம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. இதில் இன்னொரு பயன் உண்டு. உங்கள் கணக்கில் ஏதாவது ஒட்டுகிறதா என்று சந்தேகம் வந்தால், காரணம் சொல்ல வேண்டிய ஒரு பொதுக் கடிதத்தை, பெயர் ஊர் எதுவும் கொடுக்காமல், வழமையான உரையாடலில் ஒருமுறையும் தற்காலிக உரையாடலில் ஒருமுறையும் எழுதுவித்துப் பாருங்கள். மூன்று நாலு தடவை செய்ய வேண்டும், ஏனென்றால் ஒட்டிய வரி எப்போதும் தலைகாட்டாது. வழமையானதில் மட்டும் வயலோ மகனோ ஊரோ திரும்பத் திரும்ப வந்தால், எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

தட்டும் முறையையும் மாற்றிக்கொண்டேன். "என் மகன்" என்று தொடங்குவதில்லை. "கடைக்கு வந்த ஒருவருக்காக எழுதுகிறேன், அவர் என் குடும்பமில்லை, அவருடைய மகன்" என்று தொடங்குகிறேன். கடிதம் மட்டும் அவருடைய குரலில் வரவேண்டும் என்று கடைசியில் சேர்க்கிறேன். இது முழுக் காப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் குழப்பம் குறையும். பெயர், அடையாள அட்டை இலக்கம், கோப்பு இலக்கம் வரும் இடங்களில் கோடு மட்டும் விட்டு, அச்செடுக்கும் முன் என் கையால் நிரப்புகிறேன். பழைய தட்டச்சு நிலையங்களில் மாதிரிக் கடிதத்துக்கு அப்படித்தான் இடம் விட்டு வைத்திருப்பார்கள்.

பொத்தான்களைவிட முக்கியமாக நான் நினைப்பது கையெழுத்துக்கு முந்திய வாசிப்பை. கடிதம் எந்த மொழியில் வந்தாலும் வரிவரியாகத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். சுருக்கிச் சொல்லாதீர்கள். தம்பியின் கடிதத்தில் மூன்றாம் பந்தியை நான் அப்படிச் சொல்லியிருந்தால் அவன் அங்கேயே தடுத்திருப்பான். கடையில் சனம் நின்றது என்பது ஒரு காரணமே இல்லை.

அன்றிரவு பட்டியலைத் திறந்தபோது 43 வரிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் அழிக்கும் முன் அது யாருடையது என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன், அவர்களுக்குப் பிறகு போன கடிதங்களைச் சரிபார்ப்பதற்காக. அநேகமானவை முகத்தோடு நினைவுக்கு வந்தன. சில கடிதங்களின் பிரதிகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டேன், ஐந்து பேரைக் கூப்பிட்டுக் கதைத்தேன். ஒரு வரி மட்டும் மிஞ்சியது. அக்காவின் பெயரில் உள்ள அனுமதிப்பத்திரக் காணியை அக்காவின் பிள்ளைகளுக்கு மாற்ற விரும்பும் ஒருவர், அக்கா உயிரோடு இல்லை என்று அதில் இருந்தது. அவர் யார் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பின் எழுதிய கடிதங்களில் எதிலாவது இறந்துபோன ஓர் அக்கா வந்திருக்கிறாளா என்று பிரதிகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடைகளிலும் பட்டியலை இன்றே திறந்து பாருங்கள், அழிக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே கடிதம் எழுதிக் கொடுக்கும் ஓர் அக்கா
கிளிநொச்சி